பவர் பத்திரக் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி: அதிகாரம், அதன் எல்லை, அப்புறம் ரத்து

சட்டக் கல்லூரியில் ஆவண வரைவுத் தாளுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிகள் இந்தத் தாளை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன. 15 வழக்குரை வரைவுக்கு 45, 15 ஆவண வரைவுக்கு 45, வாய்மொழித் தேர்வுக்கு 10 என்று மதிப்பெண் பிரிகிறது. எழுதத் தெரிந்திருக்க வேண்டிய ஆவணங்களில் பவர் பத்திரமும் ஒன்று. கிரயப் பத்திரத்தை ஒழுங்காக எழுதும் மாணவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். கடையில் விற்கும் படிவத்தை மனப்பாடம் செய்து, கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் இறக்கிவைப்பதுதான் காரணம்.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்க்கலாம்.

கேள்வி

மதுரையில் வசிக்கும் ஒரு பெண்ணுக்குச் சிங்கப்பூரில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. மதுரையில் அவருக்கு ஒரு வீடும், மேலூர் பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் நிலமும், ஒரு சேமிப்புக் கணக்கும் உண்டு. வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தன் தம்பிக்குப் பொது அதிகாரம் கொடுக்க நினைக்கிறார். விற்கும் அதிகாரம் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை.

(அ) பத்திரத்தை வரைக. (ஆ) பொது அதிகாரத்தின் எல்லைகளை விளக்குக. (இ) பத்திரம் பதிவாகிச் சுமார் 14 மாதம் கழித்து, 2025 ஏப்ரல் 2 அன்று, அக்கா தம்பிக்கு ரத்துக் கடிதம் அனுப்புகிறார். அது ஏப்ரல் 9 அன்று தம்பி கைக்குக் கிடைக்கிறது. இடையில் ஏப்ரல் 5 அன்று தம்பி ஒரு புது வாடகைக்காரரோடு 11 மாத ஒப்பந்தம் போட்டு 36,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 12 அன்று அந்த வாடகைக்காரர், ரத்தான விஷயம் தெரியாமல், 12,000 ரூபாய் வாடகையைத் தம்பியிடம் கொடுக்கிறார். ஏப்ரல் 20 அன்று தம்பி நிலத்தை விற்பதாக ஒருவரோடு கிரய ஒப்பந்தம் போட்டு 2,00,000 ரூபாய் வாங்குகிறார். அந்த ஆளுக்கும் ரத்து தெரியாது. இந்த மூன்றும் அக்காவைக் கட்டுப்படுத்துமா? ரத்து ஆவணத்தை வரைக.

முதல் வேலை: மூன்றாம் பகுதியை முதலில் படியுங்கள்

கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் (அ)வை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். (இ)யில் வரும் மூன்று சம்பவங்களும் (அ)வில் நீங்கள் எழுதப்போகும் வாசகங்களோடு மோதும். வாடகை ஒப்பந்தத்துக்கு நீங்கள் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். விற்க அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ரத்து எப்படி நடக்கும் என்று ஒரு பத்தி வேண்டும். இந்த மூன்றும் முதல் பகுதியில் இல்லையென்றால், மூன்றாம் பகுதியில் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சட்டம் எழுதினாலும் அது உங்கள் பத்திரத்தோடு ஒட்டாது.

அதனால் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஐந்து நிமிடம் குறிப்பு எடுங்கள். இடப்பக்கம் சொத்துகள், வலப்பக்கம் ஒவ்வொரு சொத்திலும் தம்பி செய்ய வேண்டிய காரியம். வீடு என்றால் வாடகை, பராமரிப்பு, வரி. நிலம் என்றால் சாகுபடி மேற்பார்வை, கிஸ்தி, பட்டா வேலை. கணக்கு என்றால் பணம் கட்டுவது, கொஞ்சம் எடுப்பது. இந்தப் பட்டியல்தான் பத்திரத்தின் உடல்.

பத்திரத்தை எழுதுவது

தொடக்கத்தில் தேதி, இருவரின் விவரம், உறவு. பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போடுங்கள். உங்கள் பெயரையோ பதிவெண்ணையோ விடையில் எங்கேயும் எழுதக்கூடாது. கையெழுத்து வரும் இடத்தில் “(ஒப்பம்)” என்று எழுதினால் போதும். முத்திரைக் கட்டண அளவு அடிக்கடி மாறுவது, அதைக் கேள்வியில் கொடுக்காதபோது “தக்க மதிப்புள்ள முத்திரைத்தாளில்” என்று மேலே குறிப்பிடுங்கள்.

> 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் தேதி, மதுரை மாநகர், ______ தெரு, கதவு எண் ____-ல் வசிக்கும் ______ அவர்களின் மகள், சுமார் 41 வயதுள்ள ______ ஆகிய நான், என் உடன்பிறந்த தம்பி, சுமார் 36 வயதுள்ள ______ ஆகிய தங்களுக்கு எழுதிக்கொடுத்த பொது அதிகார பத்திரம் என்னவென்றால்,
>
> இதனடியில் கண்ட அ அட்டவணை வீடும் ஆ அட்டவணை நிலமும் எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவருகின்றன. நான் வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் தங்க வேண்டியிருப்பதால், கீழ்க்கண்ட காரியங்களை மட்டும் என் பேரிலும் எனக்காகவும் செய்யத் தங்களை என் முகவராக நியமிக்கிறேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கத்துப் பத்திரங்கள் எதிராளியை “தாங்கள்” என்று அழைத்துப் பேசும். அப்படித் தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் தாங்கள்தான். நடுவில் “அவர்”, “மேற்படி முகவர்” என்று மாறினால், படிப்பவருக்கு இன்னொரு ஆள் உள்ளே வந்துவிட்டது போல இருக்கும். நான் ஜூனியராக இருந்தபோது எழுதிய முதல் பவர் பத்திரத்தில் மூன்று இடத்தில் இப்படி மாற்றியிருந்தேன். சீனியர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் சிவப்பு மையில் “யார் இவர்?” என்று எழுதித் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அந்தத் தப்பை நான் செய்ததில்லை.

“மட்டும்” என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். இது பொது அதிகாரம்தான். ஆனால் தலைப்பில் “பொது” என்று இருப்பதால் எல்லாம் செய்யலாம் என்று ஆகிவிடாது. என்னென்ன செய்யலாம் என்பதை உள்ளே இருக்கும் வாசகம்தான் முடிவு செய்யும்.

அடுத்து அதிகாரங்கள். ஒவ்வொன்றையும் எண் போட்டுத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

> 1. அ அட்டவணை வீட்டை ஒரு தடவைக்கு 11 மாதத்துக்கு மேற்படாமல் வாடகைக்கு விடவும், அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், வாடகையும் வாடகை முன்பணமும் வாங்கி ரசீது கொடுக்கவும், வாங்கிய தொகையை ஏழு நாட்களுக்குள் என் சேமிப்புக் கணக்கில் கட்டவும்,
> 2. ஆ அட்டவணை நிலத்தில் கூலி ஆட்களைக் கொண்டு சாகுபடி செய்யவும், விளைச்சலை விற்று ரசீது கொடுக்கவும். ஆனால் நிலத்தை யாருக்கும் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை,
> 3. சொத்துவரி, நிலவரி, மின்கட்டணம் முதலியவற்றைக் கட்டவும், வருவாய்த்துறை, மாநகராட்சி அலுவலகங்களில் என் சார்பில் மனுக் கொடுக்கவும்,
> 4. மேற்படி பராமரிப்புச் செலவுக்காக என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 25,000 ரூபாய்க்கு மேற்படாமல் எடுக்கவும்,
> 5. மேற்படி சொத்துகள் சம்பந்தமான வழக்குகளில் வழக்கறிஞரை நியமிக்கவும், வக்காலத்திலும் வழக்குரைகளிலும் கையெழுத்திடவும்.

11 மாதம் என்று ஏன் போட்டோம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 107. அக்கா ஊரில் இல்லாத நேரத்தில் நீண்டகாலக் குத்தகை விழுந்துவிடக்கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடப்பில் இருக்கிறது. குத்தகைதாரராக ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அவரை வெளியேற்றச் சட்டம் சொல்லும் காரணமும் வழியும் வேண்டும். பவரை ரத்து செய்தாலும் அந்தக் குத்தகைதாரர் நிலத்தில் இருப்பார். இப்படி ஒரு வரியில் காரணத்தை ஓரத்தில் குறித்தால், நீங்கள் படிவத்தைப் பார்த்து எழுதவில்லை என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது எல்லைப் பத்தி. இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும்.

> 6. மேலே கண்ட எந்த வாசகமும், அட்டவணைச் சொத்துகளை விற்கவோ, கிரய ஒப்பந்தம் செய்யவோ, கிரய முன்பணம் வாங்கவோ, அடமானம் வைக்கவோ, அசல் பத்திரங்களை ஈடாக ஒப்படைக்கவோ, தானம் அல்லது செட்டில்மென்ட் எழுதவோ, என் பேரில் கடன் வாங்கவோ, இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ தங்களுக்கு அதிகாரம் அளிப்பதாகக் கொள்ளக்கூடாது.
> 7. இந்த அதிகாரத்துக்கு உட்பட்டுத் தாங்கள் சட்டப்படி செய்யும் காரியங்களை நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்.
> 8. இப்பத்திரம் 2027 பிப்ரவரி 4 வரை நடப்பில் இருக்கும். அதற்கு முன்பும் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் இழப்பீடு இல்லாமலும், எழுத்து மூலம் இதை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு. ரத்து அறிவிப்பு கிடைத்த ஏழு நாட்களுக்குள் இதன் அசலையும் முழுக் கணக்கையும் தாங்கள் ஒப்படைக்க வேண்டும்.

ஆறாவதில் “கிரய ஒப்பந்தம்” என்று தனியாகப் போட்டதைப் பாருங்கள். “விற்க அதிகாரம் இல்லை” என்று மட்டும் இருந்தால், ஒப்பந்தம் போடுவது விற்பனை ஆகாதே என்று ஒருவர் வாதம் செய்யலாம். ஒப்பந்தத்துக்கும் முன்பணத்துக்கும் சேர்த்தே கதவைச் சாத்த வேண்டும்.

ஏழாவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கடைப் படிவங்களில் “தாங்கள் செய்யும் எல்லாக் காரியங்களையும் நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்” என்றுதான் இருக்கும். அதை அப்படியே எழுதினால் ஆறாவதில் மூடிய கதவை நீங்களே திறந்துவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். “இந்த அதிகாரத்துக்கு உட்பட்டு” என்ற சொற்கள் கட்டாயம் வேண்டும்.

எட்டாவதில், காலக்கெடு போட்டதோடு நிறுத்தியிருந்தால் சிக்கல். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 205, குறிப்பிட்ட காலத்துக்கு என்று பேசிவிட்டுப் போதிய காரணம் இல்லாமல் நடுவில் ரத்து செய்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் “அதற்கு முன்பும்” என்று தொடங்கும் வாக்கியம்.

பிறகு சொத்து விவரம். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, பதிவு மாவட்டம், சார்பதிவகம். அதற்குப் பிறகு கையெழுத்து, இரண்டு சாட்சிகள், வரைந்தவர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், அசையாச் சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டில் எழுதிக்கொடுத்தவற்றுக்கு மட்டும் விலக்கு. நம் கேள்வியில் அக்கா மதுரையிலேயே எழுதிக்கொடுப்பதால், பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எல்லைகள்: பத்து எழுதாதீர்கள், நான்கு எழுதுங்கள்

(ஆ) பகுதியில் மாணவர்கள் நீளமாகப் பட்டியல் போடுகிறார்கள். நான்கைக் காரணத்தோடு எழுதினால் போதும்.

முதலாவது, வாசகத்தின் எல்லை. பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். கடைசியில் “மற்றும் தேவையான எல்லாக் காரியங்களும்” என்று வந்தாலும், மேலே சொன்ன காரியங்களை நிறைவேற்றத் தேவையானவை என்றுதான் பொருள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 188 சொல்வதும் இதைத்தான். வாடகைக்கு விட அதிகாரம் இருந்தால் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஆள் வைக்கலாம். வீட்டை இடித்துக் கட்ட முடியாது.

இரண்டாவது, ஆள் மாறிச் செய்ய முடியாத காரியங்கள். அக்காவுக்குப் பதிலாகத் தம்பி உயில் எழுத முடியாது. வழக்கில் கையெழுத்துப் போடலாம், ஆனால் வழக்கறிஞர் போல எழுந்து நின்று வாதாட முடியாது. 1999-இல் டி.சி. மத்தாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அக்காவுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தை அவருக்குப் பதிலாகக் கூண்டில் ஏறித் தம்பி சாட்சி சொல்லவும் முடியாது. ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி எதிர் இண்டஸ்இண்ட் வங்கி வழக்கில் 2004 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது. தான் நேரில் செய்ததைப் பற்றித் தம்பி சாட்சி சொல்லலாம். இந்த வேறுபாட்டையும் எழுதுங்கள்.

மூன்றாவது, பவர் பத்திரம் உரிமை மாற்றும் ஆவணமாகாது. 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில், கிரயப் பத்திரம் இல்லாமல் பவரையும் ஒப்பந்தத்தையும் உயிலையும் வைத்து வீடு “விற்கும்” பழக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதற்காக உண்மையான பவர் பத்திரம் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நிறையப் பேர் அப்படித் தவறாக எழுதுகிறார்கள்.

நான்காவது, ஆயுள். பவர் கொடுத்தவரோ முகவரோ இறந்தால், அல்லது மனநலம் இழந்தால், அதிகாரம் முடிந்துவிடும். பிரிவு 201. பவரை வைத்துப் பத்திரம் பதியப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைச் சார்பதிவாளர் கேட்பது இதனால்தான்.

மூன்று தேதிகள்

இனி (இ). சம்பவம் ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். இந்தக் காரியத்துக்கு அதிகாரம் முதலில் இருந்ததா? இருந்திருந்தால், அந்த நாளில் அது முடிந்துவிட்டதா? வரிசை மாறினால் விடை தப்பாகும்.

ரத்து செய்ய அக்காவுக்கு உரிமை உண்டா என்பதை ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள். பிரிவு 203-இன்படி உண்டு. பிரிவு 202-இல் ஒரு விலக்கு இருக்கிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் அக்கறை, அதாவது சொந்த உரிமை நலன், இருந்தால், அதைக் கெடுக்கும்படி ரத்து செய்ய முடியாது. சட்டம் தரும் உதாரணம்: நிலத்தை விற்று, தனக்கு வரவேண்டிய கடனை அதில் எடுத்துக்கொள்ளும்படி ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பது. நம் தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் உறவினர் என்பது அக்கறை ஆகாது. பத்திரத்தில் “ரத்து செய்ய இயலாதது” என்று தலைப்புப் போட்டிருந்தால்கூட, அப்படியொரு அக்கறை இல்லாதபோது அந்தச் சொல் மட்டும் இந்த விலக்கைக் கொண்டுவராது.

எப்போது முடிந்தது என்பதற்குப் பிரிவு 208. அது இரண்டு வேறு நேரங்களைச் சொல்கிறது. முகவரைப் பொறுத்தவரை, ரத்து அவருக்குத் தெரியவரும்போது. வெளியாட்களைப் பொறுத்தவரை, அது அவர்களுக்குத் தெரியவரும்போது. இதற்குச் சட்டத்திலேயே நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. மதராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு, விற்க வேண்டாம், மதராஸுக்கு அனுப்பிவிடு என்று இரண்டாவது கடிதம் போடுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் முகவர் பஞ்சை விற்றுப் பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. வாங்கியவர் கொடுத்த பணம் மதராஸ்காரருக்கே கொடுத்ததாகத்தான் ஆகும். இந்தப் பஞ்சு உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிரிவு மறக்காது.

ஏப்ரல் 5, வாடகை ஒப்பந்தம். 11 மாத வாடகைக்கு அதிகாரம் இருந்தது. கடிதம் அனுப்பியாகிவிட்டது, ஆனால் தம்பி கைக்கு வரவில்லை. ஆகவே அன்றைக்குத் தம்பி முழு அதிகாரத்தோடுதான் இருந்தார். ஒப்பந்தம் அக்காவைக் கட்டுப்படுத்தும். 36,000 ரூபாயும் அக்காவின் கணக்கில் வந்து சேர வேண்டிய பணம். கடிதத்தில் போட்ட தேதியைப் பிடித்துக்கொண்டு “ஏப்ரல் 2-ஆம் தேதியே ரத்தாகிவிட்டது” என்று எழுதுபவர்கள் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள்.

ஏப்ரல் 12, வாடகை. தம்பிக்கு ஏப்ரல் 9-ஆம் தேதியே விஷயம் தெரியும், அவர் வாங்கியது தப்பு. ஆனால் வாடகைக்காரருக்குத் தெரியாது. பஞ்சு உதாரணம் அப்படியே பொருந்தும். வாடகைக்காரர் கொடுத்தது கொடுத்ததுதான், அக்கா அவரிடம் மறுபடி 12,000 கேட்க முடியாது. தம்பியிடம் கணக்குக் கேட்டு வாங்க வேண்டும். முகவர் கணக்குக் காட்டும் கடமை பிரிவு 213-இல் இருக்கிறது.

ஏப்ரல் 20, கிரய ஒப்பந்தம். கேள்வியின் கண்ணி இங்கேதான். நிலம் வாங்க வந்தவருக்கும் ரத்து தெரியாது என்று கேள்வி சொல்கிறது. உடனே பிரிவு 208-ஐ எடுத்து, அவரையும் வாடகைக்காரர் போல நினைத்து, “ஒப்பந்தம் செல்லும்” என்று எழுதிவிடுகிறார்கள். முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விற்கவோ ஒப்பந்தம் போடவோ தம்பிக்கு எப்போதாவது அதிகாரம் இருந்ததா? ஆறாவது பத்தி இல்லை என்கிறது. இல்லாத அதிகாரம் முடிந்ததா முடியவில்லையா என்று கேட்க ஒன்றுமில்லை. ரத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் இந்த ஒப்பந்தம் அக்காவைக் கட்டுப்படுத்தியிருக்காது. பவர் பத்திரத்தை வாங்கிப் படித்திருந்தால் அந்த மனிதருக்கே இது தெரிந்திருக்கும்.

அவருக்கு இருக்கும் வழிகளையும் சொல்லுங்கள். அக்காவே தன் சொல்லாலோ நடத்தையாலோ தம்பிக்கு அதிகாரம் இருப்பதாக அவரை நம்ப வைத்திருந்தால் பிரிவு 237 உதவும். அப்படி எதுவும் கேள்வியில் இல்லை. அக்கா விரும்பினால் பிரிவு 196-இன்படி பின்னால் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்காவிட்டால், நிலம் வாங்க வந்தவர், இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டிய தம்பியிடம் பிரிவு 235-இன்கீழ் இழப்பீடு கேட்கலாம். அந்த 2,00,000-க்குப் பொறுப்பு தம்பிதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அக்கா தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. வாங்கினால் ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும்.

ரத்து ஆவணம்

பிரிவு 207-இன்படி ரத்து சொல்லாலும் நடக்கலாம், நடத்தையாலும் நடக்கலாம். தம்பியிடம் வாடகைக்கு விடச் சொல்லிவிட்டு அக்காவே வேறொருவருக்கு விட்டால் அதுவும் ரத்துதான். ஆக, அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே ஏப்ரல் 2 கடிதமே போதும். அப்படியானால் பதிவு செய்த ரத்து ஆவணம் எதற்கு? வெளியாட்களுக்காக. வாடகைக்காரர் போன்றவர்களுக்கு விஷயம் தெரியாத ஒவ்வொரு நாளும் அக்காவுக்கு நஷ்டம் வரலாம்.

> நான் தங்களுக்கு 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி எழுதிக்கொடுத்து, ______ சார்பதிவாளர் அலுவலகத்தில் ____ எண்ணாகப் பதிவான பொது அதிகார பத்திரத்தை, அதன் 8-ஆவது பத்தியில் எனக்குள்ள உரிமைப்படி, இதனால் முழுமையாக ரத்து செய்கிறேன். இந்த ரத்து 2025 ஏப்ரல் 2 தேதியிட்ட என் கடிதம் மூலம் தங்களுக்கு ஏப்ரல் 9 அன்று தெரிவிக்கப்பட்டுள்ளது. தாங்கள் அதிகாரத்தை மீறி 2025 ஏப்ரல் 20 அன்று ஆ அட்டவணை நிலம் குறித்துச் செய்த கிரய ஒப்பந்தத்தை நான் ஏற்கவில்லை. இதுமுதல் என் சார்பில் எந்தக் காரியமும் செய்யத் தங்களுக்கு அதிகாரம் இல்லை. அசல் பத்திரத்தையும் முழுக் கணக்கையும் ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்.

பழைய பத்திரத்தின் பதிவெண், ஆண்டு, அலுவலகம் மூன்றும் இல்லாத ரத்து ஆவணம் எதை ரத்து செய்கிறது என்றே தெரியாது. சொத்து விவரத்தையும் பழைய பத்திரத்தில் இருந்தபடியே மறுபடி எழுதுங்கள். சர்வே எண் கொடுத்தால்தான் வில்லங்கச் சான்று போடுபவர் கண்ணில் இது படும். தம்பியின் கையெழுத்து இதில் வேண்டியதில்லை, ரத்து அக்கா ஒருவரே செய்யும் காரியம்.

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாரே, யார் பதியப் போவது? பதிவுச் சட்டம் 1908-இன் பிரிவு 32-இன்படி எழுதிக்கொடுத்தவரோ, அதன்கீழ் உரிமை கோருபவரோ, இவர்களின் முறையான அதிகாரம் பெற்றவரோதான் ஆவணத்தைத் தாக்கல் செய்ய முடியும். அதனால் ரத்து ஆவணத்தோடு இன்னொரு சின்ன பவரும் வேண்டும். நம்பிக்கையான வேறொருவருக்கு, இந்த ரத்து ஆவணத்தைத் தாக்கல் செய்ய மட்டும் ஒரு தனி அதிகாரம். பிரிவு 33-இன்படி வெளிநாட்டில் அதை நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையும், ரத்து ஆவணத்தைப் பொறுத்தவரை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கலும். விடையில் இந்தப் பத்தியை எழுதும் மாணவர்கள் மிகக் குறைவு. எழுதினால் தனியாகத் தெரியும்.

கடைசியாக, அறிவிப்பு யார் யாருக்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தம்பிக்கு ஒப்புகையோடு கூடிய அஞ்சலில். வாடகைக்காரருக்கு, இனி வாடகையை எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்ற விவரத்தோடு. வங்கிக்கு, மாதம் 25,000 எடுக்கும் அனுமதியை நிறுத்தச் சொல்லி. நிலம் வாங்க வந்தவருக்கு, ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று தனிக் கடிதம். மதுரையில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழில் சிறு விளம்பரம். அசல் பத்திரத்தைத் தம்பி திருப்பித் தர மறுத்தால் அந்த விளம்பரத்தில் அதையும் சொல்ல வேண்டும். அசல் கையில் இருக்கும்வரை அதைக் காட்டி இன்னொரு வாடகை ஒப்பந்தம் போட அவரால் முடியும்.

நேரம் மிச்சமிருந்தால், பத்திரத்தின் ஆறாவது பத்தியையும் ஏப்ரல் 20-க்கு நீங்கள் எழுதிய விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். “கிரய ஒப்பந்தம்” என்ற சொல் இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள்.